சுணங்கி வந்த பணத்தை வாங்கிக்கொண்டவர் திடீரென்று தேதி பேசினால்

மாதாமாதம் பணம் சுணங்கித்தான் வருகிறது. சரக்கு கொடுப்பவரும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்கிறார். பல மாதங்கள் இப்படியே ஓடுகின்றன. பிறகு ஒரு நாள், "குறித்த தேதிக்குப் பணம் வரவில்லை. ஒப்பந்தம் இன்றோடு ரத்து" என்று கடிதம் வருகிறது.

கடிதத்தை வாங்கியவர் வழக்கமாகக் கேட்பது இது: "இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது மட்டும் எப்படிக் கேட்கலாம்?" எதிர்ப்பக்கத்தின் பதிலும் தயாராக இருக்கும்: "ஒப்பந்தத்தில் 30 நாள் என்று எழுதி, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" இரண்டிலுமே பாதி நியாயம் உண்டு. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். இது ஒரே ஒருவருடைய கதை அல்ல. இத்தகைய தகராறுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைச் சேர்த்து, எண்களை எளிதாக்கி நானே அமைத்தது.

கிள்ளான் பக்கம் ஒரு பெண் கேட்டரிங் நடத்துகிறார். கேட்டரிங் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒரு மொத்த வியாபாரியோடு 12 மாத ஒப்பந்தம் போடுகிறார். அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாம் வாரந்தோறும் வரும். ஆண்டு முழுவதும் ஒரே விலை. மாதக் கடைசியில் ஒரு பில், அதை 30 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் மாதம் 1.5 சதவீதம் வட்டி. வியாபாரி விரும்பினால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்யலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. மாத பில் ஏறக்குறைய 18,000 ரிங்கிட்.

முதல் பில்லே 48ஆம் நாளில்தான் கட்டப்படுகிறது. அக்கா சாப்பாடு கொடுக்கும் தொழிற்சாலைகளிலிருந்து அவருக்குப் பணம் வருவதற்கே நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. இரண்டாவது பில்லும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு பில்கள், ஒவ்வொன்றும் சுமார் 18 நாள் சுணக்கம். வியாபாரி ஏழுக்கும் ரசீது கொடுத்தார். மாதந்தோறும் அனுப்பும் கணக்கு ஸ்டேட்மெண்டில் வட்டி என்று ஒரு சென் கூடப் போடவில்லை. அவர் கடையில் கணக்குப் பார்க்கும் பெண் ஒவ்வொரு மாதமும், "அக்கா, எப்போதும்போல 18ஆம் தேதிக்குள்ள பணம் போட்டுடுவீங்கதானே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார். அக்காவும் "போட்டுடுறேன்மா" என்பார். போட்டும் விடுவார்.

ஆகஸ்டு பில்லின் கெடு செப்டம்பர் 30. அக்டோபர் 5ஆம் தேதி, தீபாவளி ஆர்டர்கள் குவியும் நேரத்தில், கடிதம் வருகிறது. ஆகஸ்டு பில் கெடு தாண்டிவிட்டதால் ஒப்பந்தம் ரத்து. நாளை முதல் சரக்கு வராது. ஏழு மாத சுணக்கத்துக்கு வட்டி 1,134 ரிங்கிட் கட்ட வேண்டும். (18,000க்கு 1.5 சதவீதம் 270. அதில் 18 நாள் பங்கு 162. ஏழு பில்லுக்கு 1,134. கணக்கில் தப்பில்லை.)

அக்காவை உண்மையில் உலுக்கியது வட்டி அல்ல. அந்த ஆண்டில் சந்தை விலை 20 சதவீதம் ஏறியிருந்தது. ஒப்பந்தம் போனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் மாதத்துக்கு 3,600 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வெளியில் வாங்க வேண்டும். மொத்தம் 10,800. வியாபாரிக்குத் திடீரென்று தேதி ஞாபகம் வந்ததன் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்த உள்நோக்கத்தை நீதிமன்றத்தில் பெரிய ஆயுதமாக நினைக்க வேண்டாம். உரிமை உண்மையிலேயே இருந்தால், அதை லாபத்துக்காகப் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமல்ல. உரிமை இன்னும் இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் செல்லும் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரியாவிட்டால் பணம் கட்டும் தேதி ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஆகாது என்கிறது. அதாவது, ஒரு நாள் பிந்தினால் பாக்கியைக் கேட்கலாம், நஷ்டத்தைக் கேட்கலாம், ஆனால் ஒப்பந்தத்தையே தூக்கி எறிய முடியாது. நம் கணக்கில் "தவறினால் ரத்து செய்யலாம்" என்று தெளிவாகவே எழுதியிருப்பதால் வியாபாரிக்கு அந்த உரிமை இருந்தது. இதை மறுத்துப் பேசி அக்கா நேரத்தை வீணாக்கக் கூடாது.

இனி, ஏழு பழைய பில்களையும் எட்டாவது பில்லையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

பழைய ஏழில் நடந்தது உரிமையை விட்டுக்கொடுத்தல். ஒவ்வொரு முறையும் கெடு தாண்டியபோது வியாபாரிக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன: ரத்து செய்யலாம், அல்லது பணத்தை வாங்கிக்கொண்டு தொடரலாம். கெடு தாண்டியது தெரிந்தே அவர் பணத்தை வாங்கினார், ரசீது கொடுத்தார், மறுவாரமும் லாரி அனுப்பினார். அந்த ஏழு சுணக்கங்களைக் காட்டி இன்று ரத்து செய்ய முடியாது. அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன.

வட்டிக்கும் இதே வாதம் பொருந்துமா? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இங்கே உதவுகிறது. காலம் முக்கியமான ஒப்பந்தத்தில் ஒருவர் தாமதமான நிறைவேற்றத்தை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே "நஷ்டத்தைக் கேட்பேன்" என்று அறிவித்திருந்தால் ஒழிய, அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்கிறது அது. வியாபாரி அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. "நான் கேட்பது இழப்பீடு அல்ல, எழுதி ஒப்புக்கொண்ட வட்டி" என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடுவார். அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. ஆனால் 64ஆம் பிரிவும் இருக்கிறது. தமக்கு வரவேண்டியதை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யவும், காலத்தை நீட்டிக்கவும் அது ஒருவருக்கு இடம் தருகிறது. அதற்கு ஈடாக எதையும் பெற்றிருக்க வேண்டியதில்லை. வட்டியே காட்டாத ஏழு ஸ்டேட்மெண்டுகள் கையில் இருப்பதால், இந்த 1,134 ரிங்கிட்டில் அக்காவின் பக்கமே கனமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே ஒரு ஸ்டேட்மெண்டில் வட்டி போட்டிருந்தால்கூட என் கருத்து மாறியிருக்கும்.

எட்டாவது பில் வேறு கதை. ஆகஸ்டு பில்லுக்கு இன்னும் பணமே கட்டவில்லை. வியாபாரி எதையும் ஏற்கவில்லை. கெடு தாண்டிய ஐந்தாம் நாளே எழுந்து நிற்கிறார். ஆகவே "அவர் விட்டுக்கொடுத்துவிட்டார்" என்ற வாதம் இந்தப் பில்லைத் தொடாது. இங்கே தேவைப்படுவது எஸ்டோப்பல். தமிழில் முரண்தடை என்பார்கள். ஒருவர் தம் சொல்லாலோ நடத்தையாலோ ஒரு நம்பிக்கையை உண்டாக்கி, அடுத்தவர் அதை நம்பித் தம் காரியத்தை அமைத்துக்கொண்ட பிறகு, அதற்கு முரணாகத் தம் பழைய உரிமையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அநியாயமானால், சட்டம் அவரைத் தடுக்கும்.

இதற்கு நேராக ஒரு பழைய இங்கிலாந்துத் தீர்ப்பு உண்டு. 1917ஆம் ஆண்டு, பனூட்சோஸ் என்ற வாங்குபவருக்கும் நியூயார்க்கின் ரேமண்ட் ஹாட்லி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. மாவு விற்பனை. வங்கி உறுதி செய்த கடன் கடிதத்தை வாங்குபவர் திறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் திறந்தது உறுதி செய்யப்படாத கடன் கடிதம். விற்பவர் அது தெரிந்தும் சில தவணைகளுக்கு மாவை அனுப்பிப் பணத்தையும் பெற்றார். பிறகு திடீரென்று, "கடிதம் ஒப்பந்தப்படி இல்லை" என்று மீதியை ரத்து செய்தார். நியாயமான முன்னறிவிப்புத் தராமல் அப்படி ரத்து செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், இத்தகைய விஷயங்களில் வழக்கறிஞர்கள் இன்றும் அவற்றைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

நம் நாட்டின் தீர்ப்பு 1995இல் வந்தது. பவுஸ்டெட் டிரேடிங் நிறுவனத்துக்கும் அரபு மலேசிய மெர்ச்சண்ட் வங்கிக்கும் இடையே நடந்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பு எழுதியவர் கோபால் ஸ்ரீ ராம். முரண்தடை வளைந்து கொடுக்கும் ஒரு கொள்கை, அந்தந்த வழக்கின் சூழ்நிலையில் நியாயம் செய்வதே அதன் வேலை என்பது அதன் சாரம். நம்பியவர் பெரும் நஷ்டப்பட்டதாக நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதிராளி தம் உரிமையைக் கறாராகப் பிடித்துக்கொள்வது அநியாயம் என்று காட்டினால் போதும். அந்த வழக்கின் உண்மைகளும் நமக்குப் பாடமாகப் பொருந்தும். சரக்கு பற்றிய தகராறு இருந்தால் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இன்வாய்ஸ்களில் ஒரு குறிப்பு அச்சாகியிருந்தது. அதை எதிர்க்காமல் இன்வாய்ஸ்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்ட நிறுவனம், பிறகு அந்தக் குறிப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல முடியாமல் போனது. பேசாமல் இருப்பதும் சில நேரங்களில் ஒரு பதில்தான்.

சில நேரங்களில் மட்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை, இருமுறை சுணக்கத்தைப் பொறுத்துக்கொண்டதை வைத்து யாரும் முரண்தடைக் கோட்டை கட்ட முடியாது. இப்போதெல்லாம் பணம் இணைய வங்கி வழியாகத் தானாகவே கணக்கில் விழுகிறது. கணக்கில் விழுந்தது என்பதற்காகவே வாங்கியவர் சம்மதித்தார் என்றாகாது. 'லாக்கோனியா' என்ற கப்பல் வழக்கில் வாடகைக்கான கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணம் மறுநாள் திங்கள்கிழமை கப்பல் உரிமையாளரின் வங்கிக்கு வந்தது. வங்கி அதை வாங்கி வேலையைத் தொடங்கியும் இருந்தது. இருந்தும் உரிமையாளர் கப்பலைத் திரும்பப் பெற்றது சரியே என்று 1977இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வங்கி ஊழியர் பணத்தைப் பதிவு செய்ததை உரிமையாளர் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது என்பது அதன் பொருள்.

அப்படியானால் அக்காவின் வழக்கை நிறுத்தி வைப்பது எது? பலர் ஏழு ரசீதுகள் என்பார்கள். எனக்கு அந்த வாட்ஸ்அப் செய்திகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன. ரசீது நடந்ததைப் பற்றிப் பேசுகிறது. "எப்போதும்போல 18ஆம் தேதிக்குள்ள" என்பது வரப்போவதைப் பற்றிப் பேசுகிறது. கெடு நாளைக் கேட்காமல், வழக்கமான நாளைக் கேட்கிறது. கணக்குப் பெண்ணுக்கு ஒப்பந்தத்தை மாற்ற அதிகாரமில்லை என்று வியாபாரி சொல்லலாம். ஏழு மாதம் அவர் மூலமாகவே வசூல் செய்தவர் அப்படிச் சொல்வது சுலபமாக எடுபடாது. இன்னொன்று, ஜூன் மாதத்தில் அக்கா புதிதாக ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்கு 45 நாள் கடனில் சாப்பாடு கொடுக்க ஒப்புக்கொண்டார். தமக்கு 48 நாள் கிடைக்கிறது என்ற தைரியத்தில் எடுத்த முடிவு அது. நம்பி நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆகவே, 35ஆம் நாளில் முன்னறிவிப்பின்றிச் செய்த ரத்து நிற்காது என்பதே என் கணிப்பு. அக்கா வெளியில் வாங்க நேர்ந்தால் அந்தக் கூடுதல் விலையை நஷ்டமாகக் கேட்கலாம். 10,800 ரிங்கிட் என்பது மாஜிஸ்திரேட் நீதிமன்ற வரம்புக்குள் வரும் தொகைதான். வெளியில் வாங்கிய ஒவ்வொரு பில்லும், அது நியாயமான சந்தை விலைதான் என்பதற்கான சான்றும் வேண்டும்.

ஆனால் கடிதம் வந்த அன்றே பலர் செய்யும் ஒரு காரியம் வழக்கையே கெடுத்துவிடும். கோபத்தில், "முதலில் பிரச்னை தீரட்டும், பிறகு கட்டுகிறேன்" என்று ஆகஸ்டு பில்லை நிறுத்தி வைப்பார்கள். முரண்தடை 18,000 ரிங்கிட் கடனைக் கரைக்காது. அது அக்காவுக்குக் கொடுத்ததெல்லாம் வழக்கமான 48ஆம் நாள் வரை ஒரு நிழல். ஆகஸ்டு பில்லுக்கு அந்த நாள் அக்டோபர் 18. அதையும் தாண்டினால் அந்த நிழல்கூட இல்லை. முடிந்தால் கடிதம் வந்த வாரத்திலேயே கட்டிவிட்டு, "ரத்தை ஏற்கவில்லை, இத்தனை மாதம் ஏற்றுக்கொண்ட வழக்கப்படியே கட்டியிருக்கிறோம், சரக்கை அனுப்புங்கள்" என்று எழுத்தில் பதில் கொடுப்பதே புத்திசாலித்தனம். வாட்ஸ்அப் உரையாடலை உடனே சேமித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி மாறும்போது சான்றைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது வியாபாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். வாசகர்களில் சரக்கு கொடுப்பவர்களும் இருப்பீர்கள். ஏழு மாதம் பொறுமையாக இருந்ததற்கு அவருக்குத் தண்டனையா? இல்லை. அவருடைய உரிமை செத்துவிடவில்லை, தூங்குகிறது. எழுப்பும் முறைதான் தவறாகப் போய்விட்டது.

சரியான முறைக்கு உதாரணம் 1950இல் சட்ட அறிக்கைகளில் வெளியான ரிக்கார்ட்ஸ் எதிர் ஓப்பன்ஹைம் வழக்கு. ஓப்பன்ஹைம் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு மேற்கூடு கட்டக் கொடுத்தார். 1948 மார்ச் 20க்குள் தர வேண்டும். தரவில்லை. அவர் பொறுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அந்தப் பழைய தேதியை இழந்தார். ஜூன் 29ஆம் தேதி, இன்னும் நான்கு வாரத்தில், அதாவது ஜூலை 25க்குள் வராவிட்டால் கார் வேண்டாம் என்று எழுதினார். வரவில்லை. அக்டோபரில் கொண்டுவந்தபோது வாங்க மறுத்தார். நீதிபதி டென்னிங் உட்பட நீதிபதிகள் அவர் பக்கமே நின்றார்கள். பழைய தேதியை விட்டுக்கொடுத்தவர், நியாயமான அவகாசம் கொடுத்துப் புதிய தேதியை நிர்ணயிக்கலாம். அதன் பிறகு அது கறாரான தேதிதான்.

நம் வியாபாரி அக்டோபர் 5ஆம் தேதி கடிதத்தில் ரத்து என்ற சொல்லையே போடாமல், "இதுவரை தாமதத்தைப் பொறுத்தோம். அக்டோபர் 31 பில்லிலிருந்து 30 நாள் கெடு கண்டிப்பாகப் பின்பற்றப்படும். தவறினால் வட்டியும் ரத்தும் உண்டு" என்று எழுதியிருந்தால் அக்காவுக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. நவம்பர் 30 வரை கிட்டத்தட்ட எட்டு வாரம் கிடைக்கிறது. பண வரவைச் சரிசெய்ய அது போதாது என்று வாதிடுவது கடினம். இப்படி எழுதிய பிறகு அடுத்த தாமதத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது. வாங்கும்போதே, "உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறோம்" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் மீண்டும் மூன்று மாதம் ஓடினால், போட்ட கடிதம் வீண்.

"எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதே" என்பார்கள் சிலர். தாமதத்தைப் பொறுத்ததை உரிமையை விட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அச்சடித்த ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில் வரும். அது உதவும், வெறும் மௌனத்தையும் சில ரசீதுகளையும் வைத்து வருபவரைத் தடுத்துவிடும். ஆனால் மாதாமாதம் "18ஆம் தேதிக்குள்ள" என்று நீங்களே கேட்டிருந்தால், அந்தப் பிரிவை மட்டும் நம்பி ரத்துக் கடிதம் அனுப்ப நான் யோசனை சொல்ல மாட்டேன்.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் மளிகைக் கடைக்காரர்கள் பலரும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். மேலே சொன்னது எல்லாம் ஆண்டு ஒப்பந்தம் இருப்பதால் வந்த பலன். எழுத்தோ தவணையோ இல்லாமல், போனில் ஆர்டர் சொல்லி, டி.ஓ.வில் கையெழுத்துப் போட்டுச் சரக்கு எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு ஆர்டரும் தனி ஒப்பந்தம். பழைய பில்லுக்கு வழக்கமான அவகாசத்தைக் கேட்கலாம். ஆனால் அடுத்த ஆர்டரைக் கடனில் கொடுக்கச் சொல்லி வியாபாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. "இனிமேல் ரொக்கம்" என்று அவர் நாளை காலை சொன்னாலும் அது அவர் இஷ்டம்.

இந்தக் கணக்கு இரு பக்க வழக்கறிஞர்கள் முன்னால் வந்தால் பெரும்பாலும் எங்கே முடியும் என்பதையும் சொல்கிறேன். அக்கா ஆகஸ்டு பில்லைக் கட்டுவார். வியாபாரி ரத்தையும் பழைய வட்டியையும் திரும்பப் பெறுவார். அக்டோபர் பில்லிலிருந்து 30 நாள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். டிசம்பர் வரை பழைய விலைக்கே சரக்கு வரும். ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வியாபாரி மறுத்தால் அதைத் தடுக்க எந்த முரண்தடையும் இல்லை. ஆகவே அக்கா நவம்பரிலேயே வேறு இரண்டு இடங்களில் விலை விசாரித்து வைப்பது நல்லது.